12 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு தாதி வேலை: ரெஸ்யூமேயில் அதை எப்படி எழுதுவது?

செங்காங்_செல்வி | ஏப்ரல் 6, 2025, இரவு 10.40

வணக்கம். இந்தக் குழுவில் இதுவரை படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், முதல் முறையாக எழுதுகிறேன்.

நான் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை டிப்ளோமா முடித்து 2005இல் ஆர்என் ஆகப் பதிவு செய்தேன். ஒரு பொது மருத்துவமனையின் மெடிக்கல் வார்டில் 8 ஆண்டுகள் வேலை பார்த்தேன். 2013 ஜூலையில் இரண்டாவது பிரசவத்துக்கு முன்னால் ராஜினாமா செய்தேன். பிள்ளைக்கு 2 வயது ஆனதும் திரும்பிப் போகலாம் என்று இருந்தபோது மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. 2016 மார்ச்சிலிருந்து 2023 நவம்பரில் அவர் காலமாகும் வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். பணிப்பெண் இருந்தார். ஆனாலும் மூக்குக் குழாய் வழி உணவு, மருந்து, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் என் பொறுப்பு.

இப்போது எனக்கு 42 வயது. திரும்ப வார்டுக்குப் போக வேண்டும். ரிட்டர்ன் டு நர்சிங் பயிற்சிக்கு விண்ணப்பிக்க ரெஸ்யூமே கேட்கிறார்கள். நான் எழுதி வைத்திருப்பதன் மேல்பகுதி இது. அசல் ஆங்கிலத்தில் இருக்கிறது, இங்கே தமிழில் தருகிறேன்:

> அர்ப்பணிப்பும் பரிவும் கடின உழைப்பும் கொண்ட தாதி. குழுவாகவும் தனியாகவும் செயல்படக்கூடியவர். தவிர்க்க முடியாத குடும்பச் சூழலால் 2013இல் வேலையை விட நேர்ந்தது. நீண்ட இடைவெளி இருந்தாலும் கற்றுக்கொள்ளும் ஆர்வம் குறையவில்லை. ஒரு வாய்ப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.
>
> 2013 – 2025: இல்லத்தரசி
> 2005 – 2013: பதிவுபெற்ற தாதி, மெடிக்கல் வார்டு

இரண்டு இடங்களுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. 12 வருடத்தை எப்படி எழுதினால் நல்லபடியாகத் தெரியும்?

---

ராஜன்_எச்ஆர் | ஏப்ரல் 6, இரவு 11.15

செல்வி, நான் தளவாட நிறுவனம் ஒன்றில் ஆள் எடுக்கும் வேலை பார்க்கிறேன். முதல் விஷயம், கெஞ்சும் தொனி வேண்டாம். "தவிர்க்க முடியாத", "பணிவுடன்" இரண்டையும் எடுத்துவிடுங்கள். "இருந்தாலும்" என்று ஒரு வாக்கியம் எழுதினால், படிப்பவர் அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்.

இரண்டாவது, ஆண்டுவாரியாக எழுதாதீர்கள். திறன்களை முதல் பக்கத்தில் தலைப்புத் தலைப்பாகப் போட்டு, வேலை வரலாற்றைக் கடைசியில் ஆண்டு இல்லாமல் மருத்துவமனை பெயர் மட்டும் போடுங்கள். இடைவெளி கண்ணில் படாது. நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டால் அங்கே பேசிச் சமாளிக்கலாம்.

---

குமார்_பெடோக் | ஏப்ரல் 7, காலை 7.50

இதை விளக்கவே தேவையில்லை என்பது என் கருத்து. கடந்த ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வேலையிட நியாயச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. பராமரிப்புப் பொறுப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு பார்க்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஏன் வேலையை விட்டீர்கள் என்று அவர்கள் கேட்கவே முடியாது. 2005 – 2013 என்று மட்டும் போட்டு அனுப்புங்கள்.

---

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | ஏப்ரல் 7, மதியம் 2.20

செல்வி, நான் 1984இல் அவுட்ரமில் இருந்த தாதிமைப் பள்ளியில் சேர்ந்தவள். கடைசி 14 ஆண்டுகள் நர்ஸ் மேனேஜராக இருந்தேன், திரும்பி வருகிறவர்களின் ரெஸ்யூமேக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜன் தம்பி தொனியைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆண்டுகளை எடுத்துவிடுவது மட்டும் எங்கள் துறையில் நடக்காது. ஒரு தாதி எந்த ஆண்டு பதிவு செய்தார், தொழில் சான்றிதழ் இப்போது நடப்பில் இருக்கிறதா என்பதைச் சிங்கப்பூர் தாதியர் வாரியத்தின் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம், நாங்கள் பார்ப்போம். விண்ணப்பப் படிவத்தில் மாதமும் ஆண்டும் எழுதித்தான் ஆக வேண்டும். பழைய மருத்துவமனையின் பணிச் சான்றிதழிலும் தேதி இருக்கும். இத்தனை இடத்திலும் இருக்கும் தேதி ரெஸ்யூமேயில் மட்டும் காணாமல் போனால், என் மனத்தில் வரும் முதல் கேள்வி "ஒழுங்கு விசாரணை ஏதாவது நடந்ததா?" என்பதுதான். மாமியாரைப் பார்த்துக்கொண்டதைவிட மோசமான ஒன்றை நானே கற்பனை செய்துகொள்வேன்.

குமார், அந்தச் சட்டம் வந்ததில் எனக்கும் நிறைவு. ஆனால் நிறைவேறியிருக்கிறதே தவிர இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்த பிறகும், பராமரிப்புப் பொறுப்பு இருக்கிறது என்பதற்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். "கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள்" என்று கேட்பது அதில் தப்பாகாது. நோயாளியின் பாதுகாப்புக்காக அதைக் கேட்டே ஆக வேண்டும்.

பொதுவான ரெஸ்யூமே அறிவுரை இங்கே பொருந்தாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ரிட்டர்ன் டு நர்சிங் திட்டத்துக்கு வருகிறவரிடம் இன்றைய கைத்திறனை நாங்கள் எதிர்பார்ப்பதில்லை. அதற்குத்தானே வகுப்பும் வார்டுப் பயிற்சியும். ரெஸ்யூமேயில் நான் தேடுவது மூன்று பதில்கள்தான். பதிவின் நிலை என்ன? விலகியதற்கான காரணம் முடிந்துவிட்டதா, இல்லை இன்னும் தொடர்கிறதா? விலகும்போது எந்த அளவுக்குப் பொறுப்பு எடுத்த தாதி?

உங்கள் ரெஸ்யூமேயில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. "இல்லத்தரசி 2013 – 2025" என்று போட்டால், உங்கள் வீட்டில் ஒரு பொறுப்பு இன்னும் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். மாமியார் 2023இல் காலமானது எனக்கு எப்படித் தெரியும்? நைட் ஷிப்டுக்கு ஆள் எண்ணிக்கொண்டிருக்கும் மேனேஜருக்கு வேண்டியது "முடிந்தது" என்கிற தகவல். அதை ஒரு மாதமும் ஆண்டும் சொல்லிவிடும்.

இன்றிரவு இரண்டு காரியம் செய்யுங்கள். வாரியத்தின் பதிவேட்டில் உங்கள் பெயரைத் தேடுங்கள். பதிவு வேறு, தொழில் சான்றிதழ் வேறு. இரண்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்று வாரியத்திடமே கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அப்புறம், இந்த 12 வருடத்தில் சம்பளம் வாங்கியோ வாங்காமலோ வீட்டுக்கு வெளியே செய்தது எதுவாக இருந்தாலும் இங்கே சொல்லுங்கள்.

---

மதுரைப்பெண் | ஏப்ரல் 7, மாலை 6.05

எனக்கும் இதே பிரச்சினை அக்கா. நான் மதுரையில் பிஎஸ்சி நர்சிங் முடித்து 4 வருடம் ஐசியூவில் இருந்தேன். திருமணமாகி 2019இல் இங்கே வந்தேன், டிபென்டன்ட் பாஸ். 6 வருட இடைவெளி. இந்த ரிட்டர்ன் டு நர்சிங்கில் நானும் சேரலாமா? ரெஸ்யூமேயில் "கணவருடன் இடம்பெயர்ந்தேன்" என்று எழுதினால் போதுமா?

---

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | ஏப்ரல் 7, மாலை 7.30

தங்கச்சி, அந்தத் திட்டம் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். உங்கள் பாதை வேறு. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு முதலில் இங்கே ஒரு நிறுவனம் வேலை தர முன்வர வேண்டும், வாரியத்துக்கான விண்ணப்பம் அவர்கள் வழியாகப் போகும். டிபென்டன்ட் பாஸ்காரர்கள் ஒப்புதல் கடிதத்தை வைத்துக்கொண்டு வேலைக்குச் சேரும் வழியும் 2021 மே மாதத்தோடு மாறிவிட்டது, இப்போது தனியாக வேலை அனுமதி வேண்டும். இதற்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து எழுதுகிறேன். செல்வியின் கேள்வியோடு கலந்தால் இரண்டு பேருக்குமே குழப்பமாகிவிடும்.

---

செங்காங்_செல்வி | ஏப்ரல் 7, இரவு 11.50

நன்றி சிஸ்டர். பதிவேட்டில் பெயர் இருக்கிறது. தொழில் சான்றிதழ் காலாவதி. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வாரியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.

வெளியே செய்தது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 2021இல் மார்ச் முதல் செப்டம்பர் வரை ஒரு கொவிட் தடுப்பூசி நிலையத்தில் வாரத்துக்கு 4 நாள் போனேன். கணவருக்கு வீட்டிலிருந்து வேலை, அதனால் முடிந்தது. ஆனால் ஊசி போடும் வேலை இல்லை. முதலில் பதிவு மேசை, பிறகு ஊசி போட்டவர்களை 30 நிமிடம் உட்கார வைத்துக் கவனிக்கும் பகுதி. தாதி வேலை இல்லை என்பதால் எழுதவில்லை.

இந்த பிப்ரவரியில் பிசிஎல்எஸ், ஏஇடி பயிற்சி முடித்தேன். அதுவும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

மாமியாரைப் பார்த்ததை "வீட்டுத் தாதி, 2016 – 2023" என்று போடலாமா? என் தோழி ஒருத்தி அப்படித்தான் எழுதச் சொல்கிறாள். உண்மையில் அங்கே செய்தது எல்லாம் தாதி வேலைதானே?

---

நிலா_ஈசூன் | ஏப்ரல் 8, காலை 9.10

போடாதீர்கள் செல்வி அக்கா. நானும் 7 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2022இல் இதே திட்டத்தில் திரும்பினவள். அப்பாவுக்கு டிமென்ஷியா. நானும் முதலில் "தனியார் பராமரிப்புத் தாதி" என்று எழுதியிருந்தேன். நேர்முகத்தில் ஒரு மேடம் அமைதியாகக் கேட்டார், "அந்த ஆண்டுகளின் தொழில் சான்றிதழ் இருக்கிறதா?" இல்லை என்றேன். "அப்படியென்றால் எந்தத் தகுதியில் தாதியாக வேலை பார்த்தீர்கள்?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டேன் என்று சொல்வதற்குள் கண்ணீர் வந்துவிட்டது. அங்கே வேலை கிடைக்கவில்லை. அடுத்த இடத்தில் "குடும்பப் பராமரிப்பாளர் (தந்தை)" என்று நேராக எழுதினேன், அதைப் பற்றி இரண்டே கேள்விதான் வந்தது.

---

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | ஏப்ரல் 8, மதியம் 1.45

நிலா சொன்னதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. குடும்பத்தாரைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் சான்றிதழ் தேவையில்லை. அதற்குத் தாதி என்று பெயர் வைத்தால்தான் சான்றிதழ் கேள்வி வருகிறது. செய்த வேலை ஒன்றுதான், பெயரை மாற்றியதும் உண்மை பொய்யாகிவிடுகிறது.

அதே சமயம் "மாமியாரைப் பார்த்துக்கொண்டேன்" என்று மொட்டையாக விடவும் வேண்டாம். ஒரு தாதி அதைப் படிக்கும்போது என்ன தெரிய வேண்டுமோ அதை எழுதுங்கள். படுக்கையிலேயே இருந்தாரா? இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்ததா? குழாயை யார் மாற்றினார்கள், நீங்களா, வீட்டுக்கு வரும் தாதியா? உணவு கொடுப்பதற்கு முன் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று எப்படிப் பார்த்தீர்கள்? எத்தனை முறை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது, எதற்காக?

தடுப்பூசி நிலையத்தை விட்டது பெரிய தப்பு. அந்த 30 நிமிடப் பகுதியில் உட்கார்ந்து யாருக்கு முகம் வெளுக்கிறது, யாருக்குத் தோல் தடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது சாதாரண வேலையா? அதைவிட முக்கியம், அது 12 வருடத்தை இரண்டாக உடைக்கிறது. கடைசியாக நோயாளிகள் இருக்கும் இடத்தில் வேலை செய்தது 2013இல் இல்லை, 2021இல். ஆனால் பதவிப் பெயரை உங்கள் நியமனக் கடிதத்தில் உள்ளபடியே எழுதுங்கள், ஊசி போட்டதாக ஒரு சொல்லும் வந்துவிடக் கூடாது.

---

செங்காங்_செல்வி | ஏப்ரல் 8, இரவு 10.30

குழாயை மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும் தாதிதான் மாற்றுவார். நான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து பிஎச் தாளில் பார்த்த பிறகுதான் உணவு கொடுப்பேன். 2018இல் மூச்சுக்குழலில் உணவு போய் நிமோனியாவுக்காக ஒருமுறை சேர்த்தோம், 2022இல் சிறுநீர்த் தொற்றுக்காக ஒருமுறை. படுக்கைப்புண் 2017இல் இடுப்பில் முதல் நிலை, தோல் சிவந்தது மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டும் அட்டவணை போட்டுப் பணிப்பெண்ணுக்கும் கற்றுக்கொடுத்தேன். சரியானது, பிறகு கடைசி வரை வரவே இல்லை.

இதை எழுதும்போதுதான் இவ்வளவு செய்திருக்கிறேன் என்று தெரிகிறது.

இன்னொரு சங்கடம். அவர் போனது 2023 நவம்பர். நான் விண்ணப்பிப்பது 2025 ஏப்ரல். நடுவில் ஒன்றரை வருடம். உண்மையைச் சொன்னால் 2024 முழுக்க எதற்கும் மனம் வரவில்லை. பராமரிப்பு 2025 ஜனவரி வரை என்று போட்டுவிட்டால் கேள்வி வராது இல்லையா?

---

ராஜன்_எச்ஆர் | ஏப்ரல் 8, இரவு 11.05

இதில் நான் திடமாகச் சொல்வேன், தேதியை நீட்டாதீர்கள். ஆண்டுகளை எடுக்கச் சொன்னவன்தான் நான். ஆனால் ஒன்றை எழுதாமல் விடுவதும் தப்பாக எழுதுவதும் ஒன்றாகாது. படிவத்தின் அடியில் "இவை அனைத்தும் உண்மை" என்று கையெழுத்துப் போடுவீர்கள். வேலையில் சேர்ந்து மூன்று ஆண்டு கழித்துத் தெரிந்தால்கூட அதை வைத்து வேலையை விட்டு எடுக்கலாம். உணவு இடைவேளையில் "மாமியார் எப்போது போனார்" என்று ஒருவர் சாதாரணமாகக் கேட்டாலே வெளியே வந்துவிடும்.

சிஸ்டர் சொன்னதைப் படித்த பிறகு ஆண்டு இல்லாத வடிவத்தையும் நான் விட்டுக்கொடுக்கிறேன். எங்கள் துறையில் பதிவேடு என்று ஒன்று கிடையாது, அதனால் எனக்குத் தோன்றவில்லை.

---

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | ஏப்ரல் 9, காலை 8.40

செல்வி, எட்டு ஆண்டு ஒருவரைப் புரட்டிப் படுக்க வைத்த கைக்கு ஓராண்டு ஓய்வு தேவைப்படாதா? ரெஸ்யூமேயில் அந்த 2024ஐ விளக்க வேண்டாம். பராமரிப்பு 2023 நவம்பரில் முடிந்தது, பிசிஎல்எஸ் 2025 பிப்ரவரியில் முடித்தேன் என்று இரண்டு தேதியும் அதனதன் இடத்தில் இருக்கட்டும். கேட்டால், "அவர் காலமான பிறகு ஓராண்டு குடும்பத்தோடு இருந்தேன், இந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து திரும்பும் வேலைகளைச் செய்கிறேன்" என்று இரண்டு வாக்கியம் போதும். சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். எதிரே மௌனமாக இருந்தால் மேலே மேலே பேசத் தோன்றும், அங்கேதான் பலர் தடுமாறுவார்கள்.

இப்போது உங்கள் 2005 – 2013 பகுதி. அதில் ஒரே ஒரு வரி இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் வருத்தம். இடைவெளியைப் பற்றியே நினைத்து நினைத்து, தாதியாக இருந்த 8 ஆண்டைச் சுருக்கிவிட்டீர்கள். எத்தனை படுக்கை வார்டு? இரவில் பொறுப்பு எடுத்தீர்களா? மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தீர்களா? ரத்தம் ஏற்றுவது, இன்சுலின் டிரிப், டிரக்கியோஸ்டமி எல்லாம் கை பழகினதா?

---

பெயர்_வேண்டாம் | ஏப்ரல் 9, மதியம் 12.15

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் இடைவெளிக்குக் காரணம் என் சொந்த உடல்நலம். மார்பகப் புற்றுநோய், பிறகு மனச்சோர்வு. இப்போது சரியாகி 3 ஆண்டு ஆகிறது. நானும் ஈஎன் ஆக இருந்தவள். செல்வி அக்காவுக்குச் சொல்கிற காரணம் எல்லோரும் மதிக்கும் காரணம். என்னுடையதை எழுதினால் கூப்பிடவே மாட்டார்களே?

---

நிலா_ஈசூன் | ஏப்ரல் 9, மதியம் 1.00

"உடல்நலக் காரணத்துக்காக விடுப்பு, முழுமையாகக் குணமாகி மருத்துவர் வேலைக்கு அனுமதித்துள்ளார்" என்று எழுதுங்கள் அக்கா. நோயின் பெயர் வேண்டாம். ஆனால் ஒன்றும் எழுதாமல் விடாதீர்கள்.

---

குமார்_பெடோக் | ஏப்ரல் 9, மதியம் 1.25

என் மனைவியும் தாதிதான். அவர் சொல்வது வேறு. ரெஸ்யூமேயில் "தனிப்பட்ட காரணங்களுக்காக" என்று மட்டும் இருக்கட்டும், வேலை உறுதியான பிறகு மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் கேட்பதற்கு முழு உண்மையை எழுதலாம் என்கிறார். ரெஸ்யூமே பல கை மாறும், மருத்துவப் படிவம் மாறாது.

---

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | ஏப்ரல் 9, இரவு 9.20

இதில் எனக்கே இரண்டு மனம். "தனிப்பட்ட காரணம்" என்று பார்த்தால் நான் கொஞ்சம் தயங்குவேன் என்பது உண்மை. "உடல்நலம், இப்போது சரி" என்று பார்த்தால் தயங்க மாட்டேன். ஆனால் என்னைப் போலத்தான் எல்லா மேனேஜரும் இருப்பார்கள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, தப்பாகப் போனால் பாதிப்பு உங்களுக்கு. படிவத்தில் நேராகக் கேட்டிருந்தால் பொய் எழுதாதீர்கள், அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. ரெஸ்யூமேயில் எவ்வளவு சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் அம்மா. வார்டில் கனமான வேலையா, பகல் நேரக் கிளினிக்கா என்பதைச் சிகிச்சை தந்த மருத்துவரிடம் கேட்டுவிட்டு விண்ணப்பித்தால், எழுதுவதும் எளிதாகும்.

---

செங்காங்_செல்வி | ஏப்ரல் 13, இரவு 9.55

நான்கு இரவு உட்கார்ந்து மாற்றினேன். இரண்டு பக்கம்தான். மேல்பகுதி:

> பதிவுபெற்ற தாதி (2005) – மீண்டும் பணிக்குத் திரும்ப விண்ணப்பம்
> மெடிக்கல் வார்டில் 8 ஆண்டு அனுபவம். தொழில் சான்றிதழ் தற்போது நடப்பில் இல்லை. ரிட்டர்ன் டு நர்சிங் பயிற்சி வழியாகத் திரும்ப விரும்புகிறேன். பிசிஎல்எஸ், ஏஇடி: பிப்ரவரி 2025. மூன்று ஷிப்டுகளிலும் வேலை செய்ய இயலும்.
>
> குடும்பப் பராமரிப்புக்காகப் பணி இடைவெளி, ஜூலை 2013 – நவம்பர் 2023
> முதலில் சிறு குழந்தைகள்; மார்ச் 2016 முதல் பக்கவாதத்தால் படுக்கையிலிருந்த குடும்ப உறுப்பினர். மூக்குக் குழாய் உணவு (ஒவ்வொரு முறையும் பிஎச் சோதனைக்குப் பின், குழாய் மாற்றியது வீட்டுக்கு வரும் தாதி). 2017இல் முதல் நிலைப் படுக்கைப்புண் குணமானது, அதன்பின் 6 ஆண்டுகள் புண் இல்லை. வீட்டுப் பணிப்பெண்ணுக்குப் புரட்டும் முறையும் உணவூட்டும் முறையும் கற்பித்தேன். இந்தப் பொறுப்பு நிறைவடைந்துவிட்டது.
>
> தடுப்பூசி நிலைய உதவியாளர், மார்ச் – செப்டம்பர் 2021 (பகுதிநேரம்)
> பதிவு, ஊசிக்குப் பிந்தைய 30 நிமிடக் கண்காணிப்புப் பகுதி. உடல்நலக் குறைவு தெரிந்தவர்களை உடனே பணியிலிருந்த தாதியிடம் ஒப்படைத்தேன். ஊசி போடும் பணி இல்லை.
>
> பதிவுபெற்ற தாதி, மெடிக்கல் வார்டு, 2005 – ஜூலை 2013
> 36 படுக்கை. 2009 முதல் இரவு ஷிப்ட் பொறுப்புத் தாதி. ரத்தம் ஏற்றுதல், இன்சுலின் டிரிப், டிரக்கியோஸ்டமி பராமரிப்பு. ஆண்டுதோறும் தாதிமை மாணவர்களுக்கு வழிகாட்டி. மருந்து அட்டைகள் அப்போது தாளில். கணினி மருந்துப் பதிவில் பயிற்சி தேவை.

கடைசி வரியை வைக்கலாமா எடுக்கலாமா என்று தெரியவில்லை. கணவர் எடுக்கச் சொல்கிறார். பலவீனத்தை நாமே ஏன் காட்ட வேண்டும் என்கிறார்.

---

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | ஏப்ரல் 14, காலை 10.10

புத்தாண்டு வாழ்த்துகள் செல்வி. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்தத் தாதியை நான் கூப்பிட்டிருப்பேன்.

கடைசி வரி இருக்கட்டும். 2013இல் விலகியவருக்குக் கைப்பட்டையை ஸ்கேன் செய்து மருந்து கொடுக்கும் முறை தெரியாது என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். அவருக்கே அது தெரிந்திருக்கிறதா என்பதுதான் கவலை. தெரியாததைத் தெரியும் என்று நினைக்கிறவர்தான் மருந்தில் தப்பு செய்வார். ஆனால் "பயிற்சி தேவை" என்பதை வேலைப் பகுதியிலிருந்து எடுத்து, மேலே பயிற்சி கேட்கும் வரியோடு சேருங்கள். அங்கே அது இயல்பாக உட்காரும்.

இரண்டு சின்னத் திருத்தம். "மூன்று ஷிப்டுகளிலும்" என்பது உண்மைதானா? சின்னவனுக்கு இந்த வருடம் பிஎஸ்எல்இ என்று கணக்கு வருகிறதே. முடியாததை எழுதி வேலை வாங்கினால், முதல் மாத அட்டவணையிலேயே தகராறு தொடங்கும். அப்புறம், "பதிவுபெற்ற தாதி" என்று தலைப்பில் போட்டதும் அடுத்த வரியிலேயே சான்றிதழ் நடப்பில் இல்லை என்று சொன்னது சரியான வரிசை, அந்த இரண்டையும் பிரிக்காதீர்கள்.

---

நிலா_ஈசூன் | ஏப்ரல் 14, காலை 11.30

பழைய மருத்துவமனையின் பெயரைக் கவனியுங்கள் அக்கா. 2017இல் பொது மருத்துவக் குழுமங்கள் ஆறிலிருந்து மூன்றாக ஆனபோது பல இடங்களின் தாய் நிறுவனமே மாறிவிட்டது. நான் அலெக்ஸாண்ட்ராவில் இருந்தவள். 2010இல் எங்கள் குழு ஈசூனில் கூ டெக் புவாட்டுக்கு வந்தது, அலெக்ஸாண்ட்ரா வேறு நிர்வாகத்துக்குப் போனது. பணிச் சான்றிதழுக்கு முதலில் எழுதிய இடத்தில் என் கோப்பே இல்லை என்றார்கள், மூன்று வாரம் போயிற்று. பெயரை அன்றைக்கு இருந்தபடி எழுதி, "இப்போது இன்ன குழுமத்தின் கீழ்" என்று பக்கத்தில் போடுங்கள். சான்றிதழுக்கு இன்றைக்கே எழுதிவிடுங்கள்.

---

செங்காங்_செல்வி | மே 22, இரவு 10.15

தகவல் சொல்ல வந்தேன். ஷிப்ட் வரியை "நவம்பர் வரை காலை, மாலை ஷிப்டுகள், அதன்பின் இரவும்" என்று மாற்றினேன். மூன்று இடங்களுக்கு அனுப்பினேன். ஒரு சமூக மருத்துவமனையும் ஒரு பெரிய மருத்துவமனையும் கூப்பிட்டன. மூன்றாவது இடத்திலிருந்து பதில் இல்லை.

பெரிய மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வியே, "குழாயை நீங்களே மாற்றினீர்களா?" இல்லை, வீட்டுக்கு வரும் தாதி என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். 2024ஐப் பற்றியும் கேட்டார்கள். சிஸ்டர் சொன்ன இரண்டு வாக்கியத்தைச் சொல்லி நிறுத்திக்கொண்டேன். அதிகம் பேசியது 36 படுக்கை வார்டில் இரவுப் பொறுப்பு எடுத்ததைப் பற்றித்தான். ஒரு இரவு இரண்டு பேர் ஒரே நேரத்தில் மோசமானால் யாரை முதலில் பார்ப்பீர்கள், ஏன், என்று கால் மணி நேரம்.

சமூக மருத்துவமனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது, பயிற்சித் தேதிக்குக் காத்திருக்கிறேன். பெரிய மருத்துவமனை இன்னும் முடிவு சொல்லவில்லை. பணிச் சான்றிதழ் நேற்றுத்தான் வந்தது. அதில் நான் விலகிய தேதி ஜூலை இல்லை, ஆகஸ்ட் 9 என்று இருக்கிறது, மீதி விடுப்பைச் சேர்த்திருக்கிறார்கள். ரெஸ்யூமேயில் ஜூலை என்று போட்டு அனுப்பிவிட்டேனே, இப்போது என்ன செய்வது?

---

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | மே 23, காலை 7.05

இன்று காலையே இரண்டு இடத்துக்கும் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். "பணிச் சான்றிதழ் வந்தது, விலகிய தேதி 9 ஆகஸ்ட் 2013, ரெஸ்யூமேயைத் திருத்தி இணைத்துள்ளேன்." சான்றிதழையும் சேர்த்து அனுப்புங்கள். மன்னிப்பு வேண்டாம்.